மன்றக் கணக்குத் தாளை யாருமே படிப்பதில்லை, எப்படி மாற்றுவது?

பொருளாளர்:
எங்கள் கல்லூரி நாடக மன்றத்துக்கு இந்த வருடம் நான்தான் பொருளாளர். வரவு, செலவு, சந்தா எல்லாம் கூகுள் ஷீட்ஸில் ஒரே தாளில் கிடக்கின்றன: 17 நெடுவரிசைகள், 212 வரிசைகள். 46 உறுப்பினர்களும் அதைத் திறந்து பார்க்கலாம். ஆனாலும் "நான் சந்தா கட்டிவிட்டேனா?" என்று தினமும் யாராவது எனக்குத்தான் செய்தி அனுப்புகிறார்கள்.

எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு நிறம் பூசியிருக்கிறார்கள். ஒருவருக்கு மஞ்சள் என்றால் பாக்கி. இன்னொருவருக்கு மஞ்சள் என்றால் ரசீது வரவில்லை. நான் பாக்கி வரிசைகளைச் சிவப்பாக்கினேன், தலைப்புகளைத் தடிமனாக்கினேன். இன்னும் குழப்பமாகிவிட்டது. அதோடு கையில் இருக்கும் பணம் தாளின் இருப்பைவிட 740 அதிகமாக இருக்கிறது. இரண்டு மாதமாகத் தேடுகிறேன், காரணம் தெரியவில்லை.

ஆய்வக உதவியாளர்:
எங்கள் கருவிப் பதிவேடும் இப்படித்தான் இருந்தது. முதல் மூன்று நெடுவரிசைகளையும் தலைப்பு வரிசையையும் உறையவைத்தேன், பிரச்சினை தீர்ந்தது. நீங்களும் செய்யுங்கள்.

கணக்கர்:
தலைப்பு வரிசைக்கு அது சரி. ஆனால் உங்கள் உறுப்பினர்கள் கைபேசியில்தான் பார்ப்பார்கள். மூன்று நெடுவரிசைகளை உறையவைத்தால் அந்தச் சின்னத் திரையில் நகர்த்த இடமே இருக்காது. பெயர் மட்டும் உறைந்திருந்தால் போதும்.

தம்பி, முதலில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, நிறம், கட்டம், நடுவில் நிறுத்தியது எல்லாவற்றையும் `Format > Clear formatting` கொடுத்து நீக்குங்கள். பிறகு தொகை நெடுவரிசையை மேலிருந்து கீழே பாருங்கள். எண்கள் வலப்பக்கம் ஒதுங்கும், எழுத்தாகப் பதிவானவை இடப்பக்கம் நிற்கும். எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தியிருந்தால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. `SUM` எழுத்தைக் கூட்டாமல் விட்டுவிடும். உங்கள் 740 அங்கே இருக்கலாம்.

பொருளாளர்:
அண்ணா, கிடைத்துவிட்டது! மூன்று செல்கள் இடப்பக்கம் நிற்கின்றன. "300 முன்பணம்", "300 பாதி", "140 மட்டும்" என்று வார்த்தையோடு எழுதியிருக்கிறார்கள். மூன்றும் வரவு. வார்த்தைகளைக் குறிப்பு நெடுவரிசைக்கு மாற்றியதும் இருப்பு சரியாகிவிட்டது.

இப்போது எல்லாம் வெள்ளையாக இருக்கிறது. பாக்கியை எப்படிக் காட்டுவது?

கணக்கர்:
நிறத்தைக் கையால் பூசாதீர்கள். 'நிலை' என்று ஒரு நெடுவரிசை வைத்து, கீழிறங்கு பட்டியலில் "கட்டியது", "பாக்கி" என்ற இரண்டு சொற்களை மட்டும் கொடுங்கள். நிறத்தை அந்தச் சொல்லே கொண்டுவரட்டும். நிலை E-யில் இருந்தால், A2 முதல் E வரை தேர்ந்தெடுத்து நிபந்தனை வடிவமைப்பில் இதைப் போடுங்கள்:

```
=$E2="பாக்கி"
```

அந்த `$` விட்டுப்போனால் வரிசை முழுவதும் நிறம் மாறாது. மங்கலான ஒரே நிறம் போதும். சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குச் சொல் இருக்கிறது. மாதத் தலைப்புக்காக மேலும் கீழும் இணைத்த செல்களையும் பிரித்துவிடுங்கள், அவை இருந்தால் வரிசைப்படுத்த முடியாது.

அப்புறம், 17 நெடுவரிசைகள் உங்களுக்குத் தேவை, உறுப்பினருக்குத் தேவையில்லை. இந்தத் தாளுக்குப் 'பதிவு' என்று பெயர் வைத்து, முன்னால் ஒரு புதிய தாளில் பெயர், எதற்கு, தொகை மூன்றையும் காட்டுங்கள்:

```
=IFNA(FILTER('பதிவு'!B2:D, 'பதிவு'!E2:E="பாக்கி"), "பாக்கி இல்லை")
```

விடுதிச் செயலாளர்:
என் கோப்பு திறக்கவே ஒரு நிமிடம் ஆகிறது. நிறத்தை நீக்கினால் வேகமாகுமா?

கணக்கர்:
உங்களுடையது வேறு பிரச்சினை. தனியாகக் கேளுங்கள், சூத்திரங்களைப் பார்க்க வேண்டும்.

பொருளாளர்:
பத்து நாள் ஆகிவிட்டது. முன் தாளில் 11 வரிசைகள்தான், கைபேசியில் ஒரே திரையில் அடங்குகிறது. முதல் இரவே ஒரு உறுப்பினர், "நான் கட்டியதை என் பெயருள்ள இன்னொருவர் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள்" என்று சொன்னார். ரசீதைப் பார்த்தேன், அவர் சொன்னது சரி. அந்தத் தவறு நான்கு மாதமாக எல்லோர் கண்ணெதிரிலும் இருந்திருக்கிறது. "நான் கட்டிவிட்டேனா" என்ற செய்தி இந்த வாரம் ஒன்றே ஒன்றுதான் வந்தது.

ஆனால் ஒரு சங்கடம். வீட்டு நிலைமையால் கட்ட முடியாத ஒருவரின் பெயர் இப்போது முதல் வரியிலேயே தெரிகிறது. முன்பு 212 வரிசைக்குள் அது யார் கண்ணிலும் படவில்லை. அந்த வரியை மறைத்து வைக்கலாமா?

கணக்கர்:
மறைத்தால் போதாது. பார்க்கும் அனுமதி இருப்பவர் கோப்பை நகலெடுத்து, மறைத்ததைத் திறந்துவிடலாம். பதிவைத் தனிக் கோப்பாக்கி, அதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். பொதுக் கோப்பில் மொத்தங்கள் மட்டும் இருக்கட்டும்.

ஆய்வக உதவியாளர்:
பெயரை எடுத்துவிட்டால், தன் கணக்கு தவறு என்று அந்த உறுப்பினரால் எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும்?

பொருளாளர்:
அதுதான் எனக்கும் பிடிபடவில்லை. அவருக்கு மட்டும் 'தவணை' என்று மூன்றாவது நிலை ஒன்று போட்டால் அந்தப் பட்டியலில் வரமாட்டார். அவரிடமே கேட்டுவிட்டு வருகிறேன்.