பழைய கடைப் பலகை எழுத்துக்கு எந்த எழுத்துரு? (அவசரம்)

மண்டிக்கடை: தாத்தா கடையின் பழைய பலகைப் படத்தை இணைத்திருக்கிறேன். "வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு" என்று இருக்கும். அதே தடிமனில், அதே பாணியில் எழுத்துரு வேண்டும். நாளைக்குள் அச்சகத்தில் கொடுக்க வேண்டும்.

செழியன்: Catamaran Black. கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள்.

தூரிகை: அவசரப்படாதீர்கள். நிற்கும் கோடு தடிப்பாகவும் படுக்கைக் கோடு மெலிந்தும் இருக்கிறதே. பட்டைத் தூரிகை எழுத்து இது. Noto Serif Tamil பாருங்கள்.

பழையவர்: இந்தக் கேள்வி மாதம் ஒரு முறை வருகிறது. தேடிப் பார்க்கும் பழக்கமே யாருக்கும் இல்லை. சரி, படத்தைக் கீழே நின்று எடுத்தீர்களா? பலகையின் உண்மையான அளவு என்ன? இந்த மூன்று சொல் மட்டும் போதுமா, முகவரியும் சேர்க்க வேண்டுமா?

மண்டிக்கடை: கீழிருந்துதான். ஆறடிக்கு இரண்டடி. முகவரியும் வரும்.

ராணி_டீச்சர்: பாமினியில் அடித்த எங்கள் பள்ளி அழைப்பிதழைத் திறந்தால் ஆங்கில எழுத்தாக வருகிறது. இதே சிக்கலா?

செழியன்: இல்லை டீச்சர், அது குறியேற்றம். தனி இழை போடுங்கள்.

பழையவர்: பலகை 3:1. படத்தில் அகலம் 1200, உயரம் 300 பிக்சல், அதாவது 4:1. உயரம் நசுங்கியிருக்கிறது. 400-க்கு இழுத்துவிட்டு 'ப'வை அளந்தேன். எழுத்து உயரம் 90-இலிருந்து 120 ஆகிறது. படுக்கைக் கோடு 15-இலிருந்து 20. நிற்கும் கோடு மாறாமல் 24. ஆக, தூரிகை சொன்ன தடிப்பு வித்தியாசத்தில் பெரும்பகுதி கேமரா செய்தது. தடிமனும் உயரத்தில் நாலில் ஒன்று போலத் தெரிந்தது, உண்மையில் ஐந்தில் ஒன்று. Black போட்டால் 'ண்ணா'வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். Catamaran-ல் 'ப'வை 120 உயரத்துக்கு வைத்து, நிற்கும் கோடு 24 வரும்வரை ஒவ்வொரு தடிமனாக இறங்குங்கள். எழுத்து அகலம் ஒத்துவராவிட்டால் Anek Tamil, அதில் அகலத்தையும் மாற்றலாம். சிவப்புக்கு வெளியே உள்ள வெள்ளை விளிம்பைச் சேர்த்து அளக்காதீர்கள்.

தூரிகை: இழுத்த பிறகும் 24-க்கு 20 இருக்கிறதே! அது தூரிகைதான்.

செழியன்: அதை விடுங்கள். 'லை' தும்பிக்கை போட்டது, 'ணா'வும் பழைய சுழிதான். 1978 சீர்திருத்தத்துக்கு முந்திய வடிவம். இப்போதைய எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் கிடைக்காது. புது வடிவமே போடுங்கள், பிள்ளைகளுக்குப் படிக்க வர வேண்டாமா?

தூரிகை: தும்பிக்கை போனால் அது தாத்தா பலகையே இல்லை. வரைகோடாக மாற்றி அந்த இரண்டு எழுத்தை மட்டும் படத்தின் மேல் வைத்து வரையுங்கள்.

பழையவர்: 1978-க்குப் பிறகும் ஓவியர்கள் பழக்கத்தில் தும்பிக்கை போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அதை வைத்து வருடம் கணிக்காதீர்கள்.

செழியன்: வருடம் கணித்தது யார்?

மண்டிக்கடை: Catamaran Bold பொருந்துகிறது. 'லை' வரைந்துவிட்டேன், 'ணா' சரியாக வரவில்லை, புது வடிவத்திலேயே அனுப்பிவிட்டேன். நன்றி.

தூரிகை: ஒன்று பழசு, ஒன்று புதுசா? ஐயோ.