மேல்முறையீட்டில் உள்ள தீர்ப்பை எந்த அளவுக்கு விமர்சிக்கலாம்? வழக்கறிஞர்கள் உதவுங்கள்

வணக்கம். ஒரு நில வழக்கில் வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றிக் கட்டுரை எழுதி முடித்திருக்கிறேன். வெளியிடும் முன் ஒரு சந்தேகம் தீர வேண்டும்.

நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், 1971-இன் 5-ஆம் பிரிவு நியாயமான விமர்சனத்தை அனுமதிக்கிறது. ஆனால் "விசாரித்து இறுதியாக முடிவான" வழக்குக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. மேல்முறையீடு முடியும் வரை வழக்கு நிலுவையில் இருப்பதாகவே கருத வேண்டும் என்கிறது 3-ஆம் பிரிவின் விளக்கம். அந்த விளக்கம் 3-ஆம் பிரிவுக்கு மட்டுமா, 5-க்கும் பொருந்துமா? எதிர்த்தரப்பு ஏற்கெனவே உச்ச நீதிமன்றம் போய்விட்டது.

என் வரிகளில் ஒன்று: "1994-ஆம் ஆண்டுப் பத்திரத்தைத் தீர்ப்பு எங்கேயும் பரிசீலிக்கவே இல்லை." இதில் எனக்குப் பயமில்லை, தீர்ப்பைப் படிக்கும் யாரும் சரிபார்க்கலாம். இன்னொன்று: "நீதிபதி ஒரு தரப்பின் பக்கம் சாய்ந்துவிட்டார்." இது நோக்கம் கற்பிப்பது. 2006 திருத்தத்துக்குப் பிறகு உண்மையை எதிர்வாதமாக வைக்கலாம். ஆனால் பொதுநலனும் நல்லெண்ணமும் இருப்பதாக நீதிமன்றம் ஏற்க வேண்டும். அதோடு, நீதிபதியின் மனதை நான் எப்படி நிரூபிப்பது? அந்த வரியை எடுத்துவிடலாம் என்றே தோன்றுகிறது.

ஆனால் முதல் வரியை விட மனமில்லை. தீர்ப்பு இறுதியாகும் வரை பேசாமல் இருந்தால் பல வருடம் போய்விடும். 5-ஆம் பிரிவு பற்றி நேரடியாகப் பேசும் தீர்ப்பு ஏதாவது தெரிந்தால், வழக்கின் பெயரும் ஆண்டும் சொல்லுங்கள்.