சி.ஏ.ஈ.க்குத் தமிழ்ப் பெயர்: முட்டியா, பாலா?

தொகுப்பவர், நாங்குநேரி
ஆடு வளர்ப்பவர்களுக்கான கையேட்டில், கேப்ரைன் ஆர்த்ரைட்டிஸ் என்செபாலைட்டிஸ், அதாவது சி.ஏ.ஈ. என்னும் வெள்ளாட்டு வைரஸ் நோய் பற்றிய பகுதிக்கு ஒரு பெயர் வேண்டும். "வெள்ளாட்டு மூட்டழற்சி மூளையழற்சி" என்று சொல்லுக்குச் சொல் எழுதினேன், வாசித்தவர்கள் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். பெரிய ஆட்டுக்கு முன்னங்கால் முட்டி வீங்குவதுதானே எல்லோர் கண்ணிலும் படுகிறது, அதனால் "முட்டிவீக்க நோய்" என்று வைக்கலாமா?

கால்நடை மருத்துவர், அம்பாசமுத்திரம்
வேண்டாம் என்பேன். கிருமி ஏறிய ஆடுகளில் பெரும்பாலானவற்றுக்கு முட்டி வீங்குவதே இல்லை. 16 பெட்டை ஆடுகள் உள்ள ஒரு பட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு முட்டி வீங்கி, முன்கால் மடித்து நடக்கிறது. உங்கள் பெயரைப் படித்தவர் அதை மட்டும் விற்றுவிட்டு நிம்மதியாகிவிடுவார். ரத்தம் எடுத்துப் பார்த்தால், கொழுகொழுவென்று நிற்கும் இன்னும் நாலைந்து ஆடுகளிலும் கிருமி ஏறியதைக் காட்டும் எதிர்ப்பொருள் இருக்கலாம். அவையெல்லாம் குட்டி போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும். அந்த வைரஸ் வெள்ளணுக்களுக்குள் ஒளிந்து ஆயுள் முழுக்கத் தங்கும், அந்த அணுக்கள் சீம்பாலிலும் பாலிலும் இறங்கும். மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. பெயரில் பால் வரட்டும், முட்டி வேண்டாம்.

ஆடு வளர்ப்பவர், சுரண்டை
டாக்டரம்மா, எங்கள் பட்டியில் இப்போது அதுதான் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். பிறந்து பத்து நாள்கூட ஆகாத குட்டி, முட்டியும் பின்னங்கால் மூட்டும் வீங்கிச் சுடுகிறது, பால் குடிக்க மாட்டேன் என்கிறது. தாயை விற்றுவிடவா?

கால்நடை மருத்துவர்
விற்காதீர்கள் அண்ணாச்சி. தொப்புளைப் பாருங்கள், ஈரமாகவோ தடித்தோ இருந்தால் தொப்புள் வழியாகப் பாக்டீரியா ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு ஊசி உண்டு, நாளைக்கே காட்டுங்கள். சி.ஏ.ஈ.யில் முட்டி வீங்குவது பெரும்பாலும் ஒரு வயது தாண்டிய ஆட்டுக்குத்தான், அதுவும் மெல்ல மெல்ல வரும், காய்ச்சல் இருக்காது. குட்டிக்கு வந்தால் அது வேறு மாதிரி: இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் பின்னங்கால் தள்ளாடும், அப்புறம் விழும், ஆனால் தொடக்கத்தில் கண் தெளிவாக இருக்கும், இரையும் தின்னும்.

தமிழாசிரியர், பாளையங்கோட்டை
அப்படியானால் "மூளை" என்ற சொல்லும் பொருந்தவில்லையே. "வெள்ளாட்டுப் பால்வழி நோய்" என்று முடித்துவிடலாம். பாலைக் காய்ச்சிக் கொடுத்தால் தீர்ந்தது என்று ஒரே வரியில் எழுதிவிடலாமே.

கால்நடை மருத்துவர்
பாலுக்குச் சரி ஐயா, சீம்பாலுக்குச் சரியில்லை. சீம்பாலைக் காய்ச்சினால் திரிந்து கட்டியாகிவிடும், குட்டிக்குத் தேவையான எதிர்ப்பொருளும் கெட்டுவிடும். 56 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும், 60ஐத் தாண்டக் கூடாது. பாத்திரத்தைச் சுடுநீருக்குள் வைத்து, வெப்பமானி போட்டு 57க்குக் கொண்டுவந்து, முன்பே வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிய பிளாஸ்கில் ஊற்றி மூடிவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் திறக்கும்போதும் 56க்குக் குறையாமல் இருந்தால்தான் கணக்கு. இரண்டு கிலோ குட்டிக்கு முதல் நாளில் 200 மில்லி, அதில் முதல் பங்கு பிறந்த சில மணி நேரத்துக்குள் போக வேண்டும். அதனால் முன்கூட்டியே பதப்படுத்தி உறைய வைத்திருப்பது நல்லது. எல்லாவற்றுக்கும் முன்னால், தாய் நக்குவதற்குள், ஒரு வாய் ஊட்டுவதற்குள் குட்டியை எடுத்துவிட வேண்டும், இங்கேதான் பலர் தவறிப்போகிறார்கள்: இரவில் ஆடு ஈன்றுவிடும், விடிவதற்குள் குட்டி குடித்திருக்கும். அந்தக் குட்டியைச் சுத்தமான கூட்டத்தில் சேர்க்காதீர்கள்.

பல ஆட்டுப் பாலை ஒன்றாகக் கலந்து குட்டிகளுக்கு ஊட்டும் பண்ணையில் ஒரு ஆட்டின் பால் எல்லாக் குட்டிக்கும் போகும். சானென், ஆல்பைன் மாதிரிப் பாலாடுகளில் இந்த நோய் பரவியதற்கு இது பெரிய காரணம். நம் ஊர்க் கன்னி இன ஆட்டின் குட்டி பெரும்பாலும் தன் தாயிடம் மட்டுமே குடிக்கிறது.

ஆடு வளர்ப்பவர், சுரண்டை
தொப்புளில் சீழ் இருக்கிறது, காலையில் கொண்டுபோகிறேன். இன்னொன்று, குட்டிகளுக்கு ரத்தம் எப்போது எடுப்பது? கொட்டிலை இரண்டாகப் பிரிக்க என்னிடம் இடமும் இல்லை.

கால்நடை மருத்துவர்
ஆறு மாதம் ஆகட்டும், அதற்கு முன்னால் தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்பொருளே சோதனையில் தெரியும். ஒருமுறை இல்லை என்று வந்தால் போதாது, தொற்றி மாதக்கணக்கில் ஆன பிறகுதான் சில ஆடுகளில் தெரியவரும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். இடம் இல்லையென்றால் ஈனும் இடத்தையும் தண்ணீர்த் தொட்டியையுமாவது தனியாக வையுங்கள், கறக்கும்போது நல்ல ஆட்டை முதலில் கறவுங்கள். இது முழுத் தீர்வு அல்ல, நெருக்கமாக ஒரே கொட்டிலில் கிடந்தால் பெரிய ஆடுகளுக்குள்ளும் பரவும்.

தொகுப்பவர்
சரி, தலைப்பில் "வெள்ளாட்டுப் பால்வழி வைரஸ் நோய்", கீழே சிறிய எழுத்தில் "முட்டி வீங்கலாம், வீங்காமலும் இருக்கலாம்" என்று போடுகிறேன்.

தமிழாசிரியர்
"வைரஸ்" எனக்கு ஒப்பவில்லை, நச்சுயிரி என்று எழுதுங்கள். "பால்வழி" என்றால் அந்தப் பாலைக் குடிக்கும் மனிதருக்கும் வரும் என்று பயப்படுவார்களே?

கால்நடை மருத்துவர்
மனிதருக்கு வராது, அதைத் தலைப்புக்கு அடுத்த வரியிலேயே போடுங்கள். "குட்டிப்பால் வழி" என்று மாற்றினால் பயம் குறையுமா என்று யோசிக்கிறேன், ஆனால் அது நாக்கில் சரியாக உட்காரவில்லை.