ஏழு நிமிட வரவேற்புரை ஒரு நிமிட வீடியோ ஆன கதை

காரைக்குடி, தமிழாசிரியை

எங்கள் தாளாளர் ஐயா ஆண்டு விழா வரவேற்புரையை நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தார். சுமார் 640 சொல். அவர் நிதானமாக வாசித்தால் ஏழு நிமிடம் ஆகும். "இதையே ஒரு நிமிஷமா போன்ல அனுப்புற மாதிரி ஆக்குங்க டீச்சர்" என்றார்.

அடைமொழிகளை வெட்டி 140 சொல்லுக்குக் கொண்டுவந்தேன். நேரம் சரியாக இருந்தது, கேட்கத்தான் முடியவில்லை. பேருந்து நிலைய அறிவிப்பு மாதிரி மூச்சு விடாமல் ஓடியது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் "அவர்களை வருக வருக என வரவேற்கிறேன்". பதினொரு பேருக்குப் பதினொரு முறை!

அப்புறம் தாளை மூடிவிட்டு, "போன வருஷ விழாவுல உங்களுக்கு எது ஞாபகம் இருக்கு ஐயா?" என்று கேட்டேன். உரையில் எங்குமே இல்லாத ஒன்றைச் சொன்னார். அதையே எழுதினோம்:

"வாங்க. போன வருஷம் மூணாம் வகுப்புப் பையன் ஒருத்தன் மேடையில பாட்டை மறந்து நின்னுட்டான். கீழே உட்கார்ந்திருந்த அவன் அப்பத்தா அடுத்த வரியைப் பாடினாங்க. அவன் பிடிச்சுக்கிட்டான். இந்த வருஷமும் அவன் பாடுறான். அப்பத்தாவும் வர்றாங்க. நீங்களும் வரணும். சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி, பள்ளி மைதானம். நாற்காலி போட்டாச்சு."

மொத்தம் 36 சொல். அப்பத்தா பாடியதும் சற்று நிறுத்தச் சொன்னேன், எல்லாம் சேர்த்து 35 விநாடி. முன்னால் பள்ளி மணியோசை 4 விநாடி. பின்னால் ஒத்திகைப் படங்கள் 12 விநாடி, விருந்தினர் பெயர்கள் அதன்மேல் எழுத்தாக வந்தன. கடைசியில் பிள்ளைகள் "வாங்க!" என்று கத்துவது 6. மூன்று விநாடி மிச்சம்கூட இருந்தது.

தேவகோட்டை, கல்யாண வீடியோ எடுப்பவர்

டீச்சர், எங்கே வைத்து எடுத்தீர்கள்? நம்ம பக்கம் எல்லோரும் பெரிய வீட்டுக் கூடமான பட்டாலையில்தான் எடுக்கச் சொல்வார்கள். படம் அழகாக வரும், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும்.

காரைக்குடி, தமிழாசிரியை

அதே கதைதான் அண்ணே. ஐயா வீட்டுப் பட்டாலையில் எடுத்து, ஒரு சொல்லும் தெளிவாக இல்லை.

தேவகோட்டை, கல்யாண வீடியோ எடுப்பவர்

கீழே ஆத்தங்குடிக் கல், சுற்றிலும் வழவழவென்று சுண்ணாம்புச் சுவர். சத்தம் போய் மோதித் திரும்புகிறது. எடுக்கும் முன் ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் 'ங்ங்' என்று இழுத்தால் அந்த இடம் வேண்டாம். வேறு வழியில்லை என்றால் கேமராவில் தெரியாத பக்கமெல்லாம் ஜமுக்காளம் விரித்து, எதிரே கொடி கட்டிப் போர்வை தொங்கவிடுவேன். இன்னொரு போனைப் பேசுபவருக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்துக் குரலைத் தனியாகப் பதிவேன். சட்டைப்பையில் வைக்காதீர்கள். கஞ்சி போட்ட சட்டை ஒவ்வொரு அசைவுக்கும் மொறமொறக்கும், அதை எடிட்டிங்கில் எடுக்கவே முடியாது.

புதுவயல், பெற்றோர்

இவ்வளவு எதற்கு? 140 சொல்லையே வாசிக்கவிட்டு, செயலியில் வேகத்தை 1.25 ஆக்கினால் முடிந்தது. இப்போதெல்லாம் குரல் கீச்சென்று மாறுவதில்லை.

தேவகோட்டை, கல்யாண வீடியோ எடுப்பவர்

குரல் மாறாது, அது உண்மைதான். ஆனால் நடுவில் விடுகிற மூச்சும் சுருங்கிப்போகும். ஆளுக்கு அவசரம் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். கையசைவும் வெடுக்வெடுக்கென்று இருக்கும். லேசாக 1.05 வரை நானும் செய்திருக்கிறேன்.

கானாடுகாத்தான், ஆச்சி

என் பேத்திக்கு ஆண்டு விழாவில் வரவேற்பு நடனம். அதையும் ஒரு நிமிஷமாக வெட்டலாமா? மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், முழுசாகப் பார்க்க நேரமில்லை என்கிறான்.

காரைக்குடி, தமிழாசிரியை

நடனத்தை வெட்டினால் தாளம் போய்விடும் ஆச்சி. முழுசாகவே அனுப்புங்கள், பார்ப்பார்.

பள்ளத்தூர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

பெயர்களை எழுத்தாகப் போட்டதில் எனக்கு ஒரு தயக்கம். எங்கள் பள்ளியில் அப்படித்தான் செய்தோம். வகுப்பறை கட்டிக்கொடுத்த கொடையாளர், "என் பேரை வாயால சொல்ல ஒரு விநாடி இல்லையா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அதோடு, பதினொரு பெயர் 12 விநாடியில் ஓடினால் எங்கள் வயதில் யார் படிப்பது?

காரைக்குடி, தமிழாசிரியை

படிக்க முடியவில்லை என்று இங்கேயும் சொன்னார்கள் சார். திரையில் இரண்டு பெயராக நிறுத்தி, நானே மெதுவாக இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ஒரு திரைக்கு 4 விநாடி வேண்டும். 12 விநாடியில் ஆறு பெயர்தான் நின்றது. மீதி ஐந்து பேரை அழைப்பிதழோடு விட்டோம். அதில் ஒருவர் இன்னும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.