தரம் 3க்கு ஒரு மீள்சுழற்சிக் கதை: வகுப்பில் சொல்லிப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

வாவிக்கரை ரீச்சர், களுவாஞ்சிகுடி
சுற்றாடல் பாடத்துக்குக் கதை தேடுகிறேன், கையில் கிடைப்பதெல்லாம் பிளாஸ்ரிக் போத்தலை வெட்டிப் பூச்செடி நடுவதோடு முடிகிறது. அதைப் படித்த பிள்ளை "போத்தலில் பூ வைத்தால் மீள்சுழற்சி" என்று எழுதுகிறது. போத்தல் போத்தலாகவேதானே இருக்கிறது? பொருளே மாறி வருவதை 8 வயசுப் பிள்ளைக்கு விளங்குகிற மாதிரி யாராவது கதையாகச் சொல்லியிருக்கிறீர்களா, பிறகு என்ன கேள்வி கேட்டீர்கள், என்ன செய்ய வைத்தீர்கள்?

பழைய கரும்பலகை, ஓட்டமாவடி
பிளாஸ்ரிக்கை விடுங்கள் ரீச்சர், உருக்குவதை வகுப்பில் காட்டவே முடியாது. தாளை எடுங்கள். எங்கள் பக்கத்தில் வாழைச்சேனைக் காகித ஆலை இருப்பதால் "ஆலை" என்றாலே பிள்ளைகளுக்கு ஒரு படம் மனசில் வரும். அந்தக் காலத்தில் வைக்கோலில் தாள் செய்த ஆலை, பிறகு பழைய தாளுக்கும் வந்தது. நான் சொல்கிற கதை இது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

*சபானாவின் கணக்குக் கொப்பி முடிந்துவிட்டது. பழைய பேப்பர் வாங்கும் மாமா சைக்கிளில் வந்தார். கொப்பியைத் தராசில் வைத்தார். கொப்பி லொறியில் ஏறி ஆலைக்குப் போனது. அங்கே ஒரு பெரிய தொட்டி. தொப்! தண்ணீரில் விழுந்த கொப்பி ஊறியது, பிய்ந்தது, கூழானது. கூட்டல் போனது, கழித்தல் போனது, மிஸ் போட்ட சிவப்புச் சரியும் போனது. கூழை வலையில் பரப்பினார்கள். தண்ணீர் வடிந்தது. உருளைகள் அழுத்தின. சூட்டில் காய்ந்தது. பெருநாளுக்கு வாப்பா சப்பாத்து வாங்கி வந்தார். சபானா சப்பாத்துப் பெட்டியின் ஓரத்தைக் கிழித்துப் பார்த்தாள். உள்ளே சின்னச் சின்ன நார்! "இது யாருடைய கொப்பியோ?" என்று கேட்டாள்.*

முடிவில் புதுக் கொப்பி வரவில்லை, பெட்டிதான் வருகிறது, கவனித்தீர்களா? எழுதிய தாளை வெள்ளைத் தாளாக்க மையைத் தனியாக நீக்க வேண்டும், அது பெரிய வேலை. மட்டைக்கு அவ்வளவு தேவையில்லை. பிள்ளைக்குச் சொல்வதானாலும் உண்மையைச் சொல்லலாமே.

கேள்விகள் நாலு போதும். கொப்பியைத் தராசில் வைத்தது யார்? தொட்டிக்குள் கொப்பிக்கு என்ன நடந்தது? தொட்டி, தராசு, வலை, உருளை, இதில் முதலில் வருவது எது, கடைசி எது? நாலாவதுதான் முக்கியம்: சபானா அந்தக் கொப்பியின் வெறும் பக்கங்களில் படம் கீறியிருந்தால், அதுவும் ஆலை செய்த வேலையும் ஒன்றா? முதல் மூன்றுக்கும் விடை கதைக்குள் கிடக்கிறது, இதற்கு யோசிக்க வேண்டும். ஒரு பையன் சொன்னான், "படம் கீறினால் கொப்பிக்கு நோகாது, ஆலையில் நோகும்." நான் அதற்கு முழுப் புள்ளி கொடுத்தேன்.

சம்மாந்துறை உம்மா
வீட்டில் பத்திரிகை மூட்டையாகக் கிடக்கிறது, கிலோ என்ன விலைக்கு எடுக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாவிக்கரை ரீச்சர்
லாத்தா, இது விற்கிற இடம் இல்லை 😀 சேர், கதை சரி. கையால் செய்வதை எப்படி நடத்தினீர்கள்?

பழைய கரும்பலகை
முதல் நாளே தொடங்க வேண்டும். எழுதி முடித்த கொப்பித் தாளைப் பெருவிரல் நகமளவு கிழிக்கச் சொல்லுங்கள், கத்தரிக்கோல் வேண்டாம். கிழித்த ஓரத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மயிர்போல நார் நிற்கும். கத்தரித்தால் அது தெரியாது, நாரும் குறுகும். ஸ்டேப்ளர் பின்னை நீங்கள்தான் எடுத்துப் போட வேண்டும். இரவு முழுக்க ஊறட்டும். மறுநாள் உரலில் இடிக்கலாம், வீட்டில் பிளெண்டர் இருந்தால் அடித்துக் கொண்டுவரலாம், ஆனால் தண்ணீர் தாராளமாக ஊற்றுங்கள், இல்லாவிட்டால் மோட்டார் சூடாகிவிடும்.

அகலமான பேசினில் அரைவாசிக்குத் தண்ணீர், அதில் இரண்டு கைப்பிடி கூழ். படச் சட்டத்தில் நுளம்பு வலையை இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள். பேசினைக் கையால் கலக்கிவிட்டு உடனே சட்டத்தைச் சாய்வாக இறக்கி, மட்டமாகத் தூக்க வேண்டும். கலக்காமல் விட்டால் கூழ் அடியில் படிந்து வலையில் ஒன்றும் ஏறாது. தண்ணீர் சொட்டி நின்றதும் பழைய பருத்திச் சாரத்தில் கவிழ்த்து, வலையின் முதுகில் ஸ்பொஞ்சால் ஒற்றி எடுங்கள். பிறகு சட்டத்தை ஒரு ஓரத்திலிருந்து மெதுவாகக் கிளப்பினால் தாள் துணியில் தங்கிவிடும்.

ஓட்டை ஓட்டையாக வந்தால் கூழ் போதவில்லை. இட்லிபோலத் தடித்தால் கூழ் கூடிவிட்டது, மேல் காய்ந்தாலும் உள்ளே ஈரம் நின்று நாறும். சாம்பல் நிறமாக வரும், அது மை, பயப்பட வேண்டாம். பேனாவால் எழுதினால் ஊறும், பென்சில் நல்லது. பேனாவால்தான் எழுத வேண்டும் என்று அடம்பிடித்தால் கூழில் கொஞ்சம் சோறு வடித்த கஞ்சி விடுங்கள்.

காரைதீவு மாமா
நாங்களும் செய்தோம். எந்தத் தாளும் போடலாம், பால் பெட்டி, சோறு சுற்றிய பேப்பர் எல்லாம். தாள் எத்தனை தரம் வேண்டுமானாலும் திரும்பத் திரும்ப வரும் என்று பிள்ளைகளுக்கும் சொன்னேன்.

பழைய கரும்பலகை
திரும்ப வரும் என்றது சரி, எத்தனை தரமும் என்றது சரியில்லை தம்பி. ஒவ்வொரு முறையும் நார் குறுகிக்கொண்டே போகும், ஐந்து ஏழு தரத்துக்குமேல் தாளாகப் பிடித்து நிற்காது. ஆலையிலும் புது நார் கலப்பது அதற்காகத்தான். பால் பெட்டிக்குள் பிளாஸ்ரிக்கும் அலுமினியத் தாளும் ஒட்டியிருக்கும், கையால் பிரிக்க முடியாது. எண்ணெய் பிடித்த பேப்பர் கூழையே கெடுத்துவிடும், எண்ணெய் பட்ட இடத்தில் நாரும் நாரும் பிடிக்காது.

காரைதீவு மாமா
ஓ, அதுதான் எங்களுடையது பொத்தல் பொத்தலாக வந்ததா! பிள்ளைகள் நட்சத்திரம் என்று சொல்லி ஜன்னலில் ஒட்டிவிட்டார்கள்.

வயல்கரை, அம்பாறை
நான் வேறு மாதிரிப் போனேன். பள்ளக்காடு குப்பை மேட்டில் பிளாஸ்ரிக் தின்று யானை சாகும் கதையைச் சொன்னேன். எட்டு வருடத்தில் சுமார் 20 யானை என்று 2022 ஜனவரியில் செய்தி வந்ததே, அந்த இடம்தான். வகுப்பே அமைதியாகிவிட்டது, இரண்டு பிள்ளைகள் அழுதார்கள். கேள்விக்கு எல்லாரும் "யானை பாவம்" என்றே எழுதியிருந்தார்கள், பொருள் எங்கே போகிறது, என்னவாகிறது என்பதை ஒருவரும் எழுதவில்லை. ஆனாலும் அடுத்த நாள் பிளாஸ்ரிக்கில் சுற்றாமல் சாப்பாட்டுப் பெட்டி கொண்டுவந்த பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியிருந்தது. அதனால் இது பிழையான கதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பழைய கரும்பலகை
தரம் 5க்குச் சொல்லுங்கள், தரம் 3க்கு வேண்டாம் என்பது என் எண்ணம். அதோடு அது குப்பையை எங்கே கொட்டுகிறோம் என்ற பாடம், இது வேறு பாடம்.

வயல்கரை
எங்கள் பிள்ளைகள் யானையை வேலிக்கு அப்பால் தினமும் பார்க்கிறவர்கள் சேர். அவர்களிடம் மறைத்து என்ன செய்ய?

வாவிக்கரை ரீச்சர்
இரண்டு கதையையும் வெவ்வேறு வாரத்தில் சொல்லிப் பார்க்கிறேன். ஒன்று கேட்க மறந்தேன், கார்த்திகையில் இந்த அலகு வந்தால் தாள் காயுமா? மாரி தொடங்கினால் எங்கள் பக்கம் சீருடையே காய்வதில்லை.

பழைய கரும்பலகை
வெயிலை நம்பாதீர்கள். துணியோடு சேர்த்துத் தாளை இரண்டு பலகைக்கு நடுவே வைத்து ஒரு பிள்ளையை மேலே ஏறி நிற்கவிடுங்கள், பாதித் தண்ணீர் போய்விடும். மிச்சத்தை இன்னொரு துணியால் மூடி அயன் பண்ணுங்கள், அயன் பெட்டி உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். ஏறி நிற்பது யார் என்று சண்டை வரும், பெயர்ப்பட்டியல் வரிசையில் விடுங்கள்.