கலைச்சொல்: ‘விஷுவல் ஹையரார்க்கி’ – காட்சிப் படிநிலையா, பார்வை வரிசையா?

கோத்தகிரியிலிருந்து, பயிற்சிக் கையேடு எழுதுபவர்:

அனைவருக்கும் வணக்கம். சிறு தேயிலை விவசாயிகளுக்குப் பாடம் எடுப்போர் தங்கள் ஸ்லைடுகளைத் தாங்களே தயாரித்துக்கொள்ள ஒரு கையேடு எழுதி வருகிறேன். அதில் ‘விஷுவல் ஹையரார்க்கி’ என்பதை ‘காட்சிப் படிநிலை’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த இருவர், கோப்புறைக்குள் கோப்புறை வைப்பது போன்ற கிளை அமைப்பு என்றே அதைப் புரிந்துகொண்டார்கள். நான் சொல்ல விரும்பியது, கண் முதலில் எதில் விழுகிறது, அடுத்து எங்கே போகிறது என்பதைத்தான்.

என் எடுத்துக்காட்டு இது. பழைய ஸ்லைடு ஒன்றில், இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் பறிக்க வேண்டும், கொழுந்து வேகமாக வரும் காலத்தில் ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை சுற்று வர வேண்டும், சாக்கில் அழுத்தி நிரப்பக்கூடாது, அன்றைக்கே தொழிற்சாலை சேர வேண்டும் என்று எல்லாம் ஒரே பத்தியில், ஒரே அளவு எழுத்தில் இருந்தன. நான் கொழுந்தின் படத்தைப் பாதி ஸ்லைடுக்குப் பெரிதாக்கி, ‘இரண்டு இலை, ஒரு கொழுந்து’ என்று மட்டும் பெரிதாக எழுதி, ‘7–10 நாள்’ என்பதை அதன் கீழே சிறிதாக வைத்தேன். மீதி இரண்டையும் சாக்கின் படத்தோடு ஓரத்தில் ஒதுக்கினேன். இந்த ஏற்பாட்டுக்கு என்ன பெயர்?

கூடலூரிலிருந்து, கணினி ஆசிரியர்:

ஐயா, படிநிலையே போதும் என்பது என் கருத்து. தலைப்புக்கு 40 புள்ளி, உள்ளே 28, அடிக்குறிப்புக்கு 20 என்று மூன்று அளவு வைத்தால் மூன்று படி வந்துவிடுகிறது. மாணவர்களுக்கு இப்படித்தான் சொல்லித் தருகிறேன்.

உதகையிலிருந்து, அச்சக வடிவமைப்பாளர்:

அளவு வேறுபட வேண்டும் என்பது வரை ஆசிரியர் சொல்வது சரி. ஆனால் அளவு மட்டும் கண்ணை இழுப்பதில்லை. நிறம், தடிமன், சுற்றியுள்ள வெற்றிடம், இருக்கும் இடம் ஆகியவையும் இழுக்கின்றன. கோத்தகிரி ஐயா அனுப்பிய ஸ்லைடையே பாருங்கள். ஓரத்தில் இருக்கும் சாக்கு அடர்சிவப்பு, பின்னணியோ பச்சை. சில அடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் எழுத்துகள் கரைந்துபோய்ச் சாக்குதான் மிஞ்சுகிறது. எழுத்து அளவில் படி சரியாக இருந்தும் பார்வை தவறான இடத்தில் தொடங்குகிறது. சாக்கை அடுத்த ஸ்லைடுக்கு நகர்த்திவிடுங்கள். ஒரு ஸ்லைடில் இரண்டு முதலிடம் இருக்க முடியாது.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. நம் மொழியில் எதிர்மறை வினையின் கடைசியில் வருகிறது. ‘சாக்கில் அழுத்தி நிரப்பக்கூடாது’ என்பதைச் சுருக்க வாலை வெட்டினால் ‘சாக்கில் அழுத்தி நிரப்பல்’ என்று நிற்கும். கடைசி வரிசையில் இருப்பவர் அதைச் செய்யவேண்டிய வேலையாகவே படிப்பார். ஆகவே தடைகளை வெட்டிச் சுருக்காமல் நேர்ச்சொல்லாக மாற்ற வேண்டும்: ‘சாக்கில் தளர்வாக நிரப்பு’. அழுத்தினால் சூடேறி இலை சிவந்துவிடும் என்ற காரணத்தைப் பேசுபவர் வாயால் சொல்லட்டும். சிவந்த இலையின் படம் ஒன்று இருந்தால் போதும். இன்னொன்று, சிறிய எழுத்தைத் தடிப்பாக்காதீர்கள். ண, ஞ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும்.

கொடைக்கானலிலிருந்து, மலைப்பூண்டு விவசாயி:

நான் இதைப் பாடச் சுருக்கம் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன், தவறானால் மன்னியுங்கள். எங்கள் குழுக் கூட்டத்தில் ஒருவர் இப்படிச் சுருக்கிக் காட்டினார். பார்க்க அழகாக இருந்தது. கூட்டத்துக்கு வராத என் தம்பிக்கு அதையே அச்செடுத்துக் கொடுத்தேன், அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முழு வாக்கியம் எங்கே போகும்?

உதகையிலிருந்து:

கேட்டது சுருக்கம் பற்றி அல்ல என்றாலும் நல்ல கேள்வி, அண்ணா. முழு வாக்கியங்களை ஸ்லைடின் கீழுள்ள குறிப்புப் பகுதியில் எழுதிவைத்து, அச்செடுக்கும்போது குறிப்போடு அச்சிட வேண்டும். திரைக்கும் தாளுக்கும் ஒரே பக்கம் போதும் என்று நினைப்பதால்தான் ஸ்லைடு நிரம்பி வழிகிறது.

சொல்லுக்கு வருகிறேன். ‘கண்ணோட்ட வரிசை’ என்று எழுத ஆசைதான், கண் ஓடுவதுதானே. ஆனால் குறளில் அது இரக்கம், இன்றைய வழக்கில் கருத்து நிலை. இரண்டும் குறுக்கே நிற்கும். ‘பார்வை வரிசை’ என் பரிந்துரை.

கூடலூரிலிருந்து:

வண்ணத்தைப் பற்றி நான் யோசிக்கவில்லை, ஏற்கிறேன். ஆனாலும் வரிசை என்றால் ஒன்றன்பின் ஒன்று என்பது மட்டுமே வருகிறது. ஒன்று மற்றதைவிட முக்கியம் என்பது வரவில்லை. படிநிலையில் அது இருக்கிறது.

கோத்தகிரியிலிருந்து:

அந்தக் குறை எனக்கும் உறுத்துகிறது. ‘முதன்மை’ என்ற சொல்லைச் சேர்த்தால் நீண்டுவிடுகிறது. வரைவில் இப்போதைக்குப் ‘பார்வை வரிசை’ என்று வைத்து, முன்பு குழம்பிய அதே இருவரிடம் கொடுக்கிறேன். சாக்கை அடுத்த ஸ்லைடுக்கு மாற்றிவிட்டேன்.