அளவு பத்தலையா, மருந்தே அப்படியா? ரயிலில் குழந்தைக்குத் தூக்க சிரப்

அசோக்நகர்_அப்பா:
அடுத்த வாரம் எழும்பூரிலிருந்து நாகர்கோவில், இரவு ரயில். பையனுக்கு 3 வயது, 13 கிலோ. போன தடவை விடியும்வரை தூங்கவே இல்லை, பக்கத்து பெர்த்காரர் திட்டிவிட்டார். அலர்ஜி சிரப் கொடுத்தால் தூங்குவான் என்கிறார்கள். கொடுக்கலாமா?

தாம்பரம்_தாத்தா:
தாராளமாகக் கொடுங்கள். அந்த அலர்ஜி சிரப்தான், புரோமெதசின் என்று பெயர், ரயில் கிளம்ப அரை மணி நேரம் முன்னால். என் மூன்று பிள்ளைகளையும் இப்படித்தான் மும்பை வரை கூட்டிப் போனேன், ஒருவரும் கண்ணைத் திறக்கவில்லை. யாராவது "கொடுத்தும் தூங்கவில்லை" என்றால் அளவு பத்தலை, அவ்வளவுதான். இந்தக் காலத்துப் பெற்றோருக்கு எதற்கெடுத்தாலும் பயம்.

வேளச்சேரி_கவிதா:
"அளவு பத்தலை" என்ற அந்த ஒரு வார்த்தையால்தான் என் குழந்தை ஒரு இரவு முழுக்க அவதிப்பட்டாள். அதனால் பொறுமையாக எழுத முடியவில்லை, மன்னியுங்கள்.

இரண்டு வருடம் முன்னால், இதே நாகர்கோவில் ரயில். மகளுக்கு அப்போது மூன்றரை வயது. மாலை ஏழரைக்குப் பாட்டில் மூடியில் அளந்து ஐந்து மில்லி கொடுத்தோம். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் தூங்குவாள் என்று பார்த்தால், பெர்த் பெர்த்தாக ஓடுகிறாள். சிரிக்கிறாள், அடுத்த நிமிடம் அழுகிறாள். முகம் தக்காளி மாதிரி சிவந்து போச்சு. காற்றில் நூல் பொறுக்குவது போல விரலை ஆட்டினாள். தூக்கி மடியில் போட்டால் வில் மாதிரி வளைந்து திமிறினாள். மாமியார் சொன்ன வார்த்தை இதேதான்: "அளவு பத்தலை." ஒன்பதரைக்கு இன்னொரு ஐந்து மில்லி கொடுத்தார். மத்தியானம் சளி சிரப் கொடுத்ததை எல்லோரும் மறந்தே போனோம்.

பதினொன்றரைக்குத்தான் தூங்கினாள். ஆனால் அது தூக்கமாகத் தெரியவில்லை. எப்போதும் இல்லாத குறட்டை. கன்னத்தைத் தட்டினால் முனகுவாள், கண் திறக்க மாட்டாள். நான் விடியும்வரை அவள் நெஞ்சின் மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மத்தியானம்வரை சிறுநீர் போகவில்லை.

தாம்பரம்_தாத்தா:
அம்மா, உங்கள் குழந்தை கடைசியில் தூங்கியதா இல்லையா? இரண்டாவது தடவை கொடுத்தபின் தூங்கிவிட்டதே. அப்படியென்றால் முதலில் அளவு பத்தவில்லை என்றுதானே அர்த்தம். நீங்கள் எழுதியதே என் பேச்சுக்குச் சாட்சி.

கோடம்பாக்கம்_பார்மசிஸ்ட்:
18 வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறேன். பண்டிகைக்கு முந்தின வாரம் "சார், குழந்தை தூங்க ஒரு சிரப்" என்று கேட்காத நாள் கிடையாது. தாத்தா சொல்வது தவறு. எப்படித் தவறு என்று சொல்கிறேன்.

நம்மை விழிப்பாக வைத்திருக்கிற ஹிஸ்டமினை இந்தப் பழைய வகை மருந்துகள் மூளைக்குள் போய் மறிக்கின்றன. தூக்கம் அதனால் வருகிறது. ஆனால் அதே மருந்து அசிடைல்கோலின் என்ற இன்னொன்றையும் சேர்த்து மறிக்கும். சில குழந்தைகளுக்கு அந்தப் பக்கம் ஓங்கிவிடும். அப்போது தூக்கத்துக்குப் பதில் படபடப்பும் குழப்பமும் வரும். கவிதா மேடம் எழுதிய சிவந்த முகம், காற்றில் பொறுக்குவது, சிறுநீர் போகாதது எல்லாம் அந்தப் பக்கத்து வேலை. இது மருந்து குறைந்ததற்கு அடையாளமே இல்லை. மருந்து உள்ளே போய் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். அந்த நேரத்தில் இன்னும் ஊற்றினால் நெருப்பில் எண்ணெய் ஊற்றின கதைதான்.

எந்தக் குழந்தைக்கு இப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல வழி கிடையாது. அண்ணனுக்கு நன்றாகத் தூக்கம் வரும், தம்பி கூரையைப் பிய்ப்பான்.

மணலி_மகேஷ்:
ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள்? ஏற்காடு மலைப்பாதையில் என் பெண் வாந்தி எடுப்பாள் என்று டாக்டரே இதே மருந்தை எழுதிக் கொடுத்தார். கொடுத்தோம், ஒரு சொட்டு வாந்தி இல்லை. டாக்டர் எழுதின மருந்து எப்படிக் கெட்டதாகும்?

கோடம்பாக்கம்_பார்மசிஸ்ட்:
மகேஷ் சார், கேள்வி வாந்தியைப் பற்றியதே இல்லை. பயண வாந்திக்கு இந்த மருந்து உண்டு. டாக்டர் உங்கள் பெண்ணைப் பார்த்து, எடை போட்டு எழுதினார். வாந்தி இல்லாத குழந்தையை 13 மணி நேரம் அசையாமல் வைப்பதற்கு நாமாகக் கொடுப்பது வேறு கதை.

மணலி_மகேஷ்:
மருந்து ஒன்றுதானே சார். உங்களுக்கு எங்களைக் கேள்வி கேட்கவிடாமல் பேசியே பழக்கம். போன மாதம் ஓஆர்எஸ் விவாதத்திலும் இப்படித்தான் செய்தீர்கள்.

கோடம்பாக்கம்_பார்மசிஸ்ட்:
ஓஆர்எஸ் விவாதத்தில் அரை லிட்டரில் கலக்கச் சொன்னது நீங்கள். பாக்கெட்டிலேயே ஒரு லிட்டர் என்று போட்டிருந்தது. அதை இங்கே இழுக்க வேண்டாம்.

மயிலை_ராதா:
எங்கள் பாட்டி கசகசா அரைத்துப் பாலில் கலந்து கொடுப்பார். எந்த மருந்துக்கடையும் வேண்டியதில்லை. நாங்கள் எல்லாம் நன்றாகத்தானே வளர்ந்தோம்.

வேளச்சேரி_கவிதா:
ராதா அக்கா, கசகசா எந்தச் செடியின் விதை என்று பாட்டிக்குத் தெரியாமல் இருக்கலாம், நமக்குத் தெரியும். அபினி வருகிற அதே செடி. தயவுசெய்து இன்னொரு அப்பாவிடம் சொல்லாதீர்கள்.

மயிலை_ராதா:
என் பாட்டியைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன உரிமை? பத்துப் பிள்ளை பெற்று வளர்த்தவர் அவர்.

தாம்பரம்_தாத்தா:
விஷயத்துக்கு வருவோம். பார்மசிஸ்ட் தம்பி பெரிய பெரிய பெயர் சொல்கிறார். நான் கேட்பது ஒன்றுதான்: இரண்டாவது தடவை கொடுத்ததும் குழந்தை தூங்கியதா, இல்லையா?

கோடம்பாக்கம்_பார்மசிஸ்ட்:
ஐயா, இரண்டாவது தடவையாக அதையே கேட்கிறீர்கள். சரி, கணக்குப் போடுவோம்.

மத்தியானச் சளி சிரப்பில் பெரும்பாலும் குளோர்பெனிரமின் இருக்கும். அதுவும் இதே குடும்பம். ஏழரைக்கு ஒரு புரோமெதசின், ஒன்பதரைக்கு இன்னொன்று. ஆக ஒரே வேலை செய்கிற மருந்து மூன்று தடவை உள்ளே போயிருக்கிறது. இந்த மருந்து அரை மணி நேரத்தில் வேலையை ஆரம்பித்தாலும் நான்கு முதல் ஆறு மணி நேரம் இருக்கும், சில சமயம் அதற்கும் மேலே. முதல் தவணை இன்னும் உச்சத்தில் இருக்கும்போதே இரண்டாவது ஏறியது. பதினொன்றரைக்கு வந்தது அந்தக் குவியலின் வேலை. குறட்டையும், தட்டினாலும் எழாததும் நல்ல தூக்கத்தின் லட்சணம் கிடையாது. மூச்சு மந்தமாவதன் முதல் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

இந்த மூச்சு விஷயத்துக்காகத்தான் 2004-இல் அமெரிக்காவில், இரண்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் புரோமெதசின் கொடுக்கவே கூடாது என்று கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டார்கள். இறந்த குழந்தைகள் இருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் ஆறு வயதுக்குக் கீழ் கொடுக்க வேண்டாம் என்கிறார்கள். நம் நாட்டிலும் 2023 டிசம்பரில், குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழ் உபயோகிக்கக் கூடாது என்று லேபிளில் போடச் சொல்லி உத்தரவு வந்தது. கேள்வி கேட்டவரின் பையனுக்கு வயது மூன்று.

தாம்பரம்_தாத்தா:
என் பிள்ளைகளுக்கு அப்போது இந்த லேபிள் எல்லாம் கிடையாது. நன்றாகத் தூங்கினார்கள். அனுபவத்துக்கு முன்னால் லேபிள் என்ன?

கோடம்பாக்கம்_பார்மசிஸ்ட்:
உங்கள் பிள்ளைகள் தூங்கினார்கள், சந்தோஷம். ரயிலின் ஆட்டத்தில் மருந்தில்லாமலும் தூங்கியிருப்பார்கள். 2006-இல் வெளியான ஒரு ஆய்வு இருக்கிறது. ஆறு மாதம் முதல் பதினைந்து மாதம்வரை உள்ள 44 குழந்தைகள். பாதிப் பேருக்கு இதே வகையைச் சேர்ந்த டைஃபென்ஹைட்ரமின், மீதிப் பேருக்கு வெறும் சிரப். மருந்து கொடுத்தவர்களில் ஒரே ஒரு குழந்தைக்குத்தான் பெற்றோர் தூக்கம் தேறியதாகச் சொன்னார்கள். வெறும் சிரப் கொடுத்தவர்களில் மூன்று. பிரயோஜனம் இல்லை என்று ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

மணலி_மகேஷ்:
கைக்குழந்தையை வைத்துச் செய்த ஆய்வு மூன்று வயதுப் பையனுக்கு எப்படிப் பொருந்தும்? இப்போது யார் விஷயத்தை மாற்றுகிறார்?

கோடம்பாக்கம்_பார்மசிஸ்ட்:
வயது வேறு என்பது சரி. வேலை செய்யும் என்று நீங்கள் காட்டுங்கள், பார்ப்போம்.

அசோக்நகர்_அப்பா:
ஒரு சந்தேகம். கிளம்புவதற்கு முன்னால் ஒரு இரவு வீட்டிலேயே கொடுத்துப் பார்த்தால்? அமைதியாகத் தூங்கினால் ரயிலிலும் கொடுக்கலாம் இல்லையா? செட்ரிசின் பரவாயில்லை என்றும் ஒருவர் சொன்னார்.

கோடம்பாக்கம்_பார்மசிஸ்ட்:
வீட்டில் பார்ப்பதை டாக்டர்களே சிலர் சொல்வதுண்டு, சிலர் வேண்டாம் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. வீட்டில் வழக்கமான நேரத்தில், இருட்டில், தன் பாயில் படுக்கிற குழந்தை எப்படியும் தூங்கும். ரயிலில் தலைக்கு மேலே விளக்கு, டீ, காபி குரல், பயணத்தின் குஷி. செட்ரிசின் மூளைக்குள் குறைவாகத்தான் போகும். அதனால்தான் அதைத் தூக்கத்துக்கு நம்ப முடியாது. சிலருக்கு அதிலும் படபடப்பு வரும்.

கவிதா மேடம் பட்டதை யாரும் படக்கூடாது என்பதால் ஒன்று மட்டும் சொல்கிறேன். களைப்பில் அழுகிற குழந்தை தோளில் போட்டு நடந்தால் கொஞ்ச நேரத்தில் தளரும். மருந்தில் துள்ளுகிற குழந்தை தளராது. நாக்கு உலர்ந்து ஒட்டும், கண்மணி பெரிதாகும், முகம் சூடாகச் சிவந்தும் வேர்வை இருக்காது. இதைப் பார்த்தால் இன்னொரு சொட்டுகூடக் கொடுக்காதீர்கள். தண்ணீர் கொடுத்து, விளக்கை மறைத்து, மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தட்டியும் எழவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, உதடு நிறம் மாறுகிறது என்றால் ரயிலில் 139, கீழே இறங்கியதும் 108. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வேளச்சேரி_கவிதா:
அந்த நாக்கு ஒட்டியதை நானும் பார்த்தேன். தாகம் என்று நினைத்தேன். அப்போது யாராவது சொல்லியிருந்தால் இரண்டாவது மூடியை நிரப்பவிட்டிருக்க மாட்டேன்.

மயிலை_ராதா:
என் பாட்டியைப் பற்றிச் சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லை.

தாம்பரம்_தாத்தா:
அப்பாவுக்கு நான் சொல்வது இதுதான். மூடியில் அளந்து கொடுங்கள், தூங்குவான். தூங்கவில்லை என்றால் ஏன் என்று நான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கோடம்பாக்கம்_பார்மசிஸ்ட்:
ஐயா, அதையே திரும்பவும் எழுதுகிறீர்கள். நானும் திரும்பவும் எழுதுகிறேன். அளவு பத்தலை இல்லை. மருந்தே அப்படி.

தாம்பரம்_தாத்தா:
அளவு பத்தலை.

அசோக்நகர்_அப்பா:
நாளைக்குக் குழந்தை டாக்டரிடம் போகிறேன். அதற்குள் டிக்கெட்டைப் பகல் ரயிலுக்கு மாற்ற முடியுமா என்று மனைவி பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஜன்னல் சீட் கிடைத்தால் சொல்கிறேன்.